பாரிஸ் விதி: வெடிப்பு வளர்ச்சியும் எஞ்சிய ஆயுளும்

பாரிஸ் விதி என்பது, திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கும் உலோகத்தில் ஏற்கனவே உள்ள ஒரு வெடிப்பு, ஒவ்வொரு சுமைச் சுற்றுக்கும் எவ்வளவு நீளுகிறது என்பதைச் சொல்லும் சூத்திரம். அமெரிக்கப் பொறியியலாளர் பால் பாரிஸின் பெயரால் வழங்குகிறது. நகரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. விமானங்களுக்காகப் பிறந்த இந்த விதி, பழைய தறையாணிப் பாலங்கள் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்பவர்களுக்கும் பயன்படுகிறது. கொழும்பிலிருந்து வரும் புகையிரதப் பாதை 1867இல் கண்டியை எட்டியது. பேராதனைச் சந்தியைத் தாண்டி மகாவலியைக் கடந்துதான் அது கண்டிக்குள் நுழைகிறது. எனவே இந்தக் கேள்வி கண்டிக்காரருக்குப் புதிதல்ல.

உலோகக் களைப்பு பற்றிய ஆய்வு புகையிரத அச்சுகளில் தொடங்கியது. பிரஷ்யாவில் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளைச் சுழற்றி முறித்து, இத்தனை தகைப்புக்கு இத்தனை சுற்று என்று வரைபடம் தயாரித்தார். அதில் வெடிப்பு என்ற பொருளே இல்லை. நல்ல நிலையிலுள்ள பாகம் ஒரு நாள் முறியும், அவ்வளவுதான். 1954இல் கொமெட் ஜெட் விமானங்கள் வானிலேயே சிதறியபோது, வெடிப்பு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கேட்க வேண்டிய கட்டாயம் வந்தது.

அதற்கான கருவியை 1957இல் ஜோர்ஜ் இர்வின் தந்தார். வெடிப்பின் முனையில் தகைப்பு எவ்வளவு கடுமையானது என்பதை K என்ற ஒரே எண்ணில் அடக்கலாம் என்று அவர் காட்டினார். வெடிப்பின் நீளம், வெளியிலிருந்து வரும் தகைப்பு, பாகத்தின் வடிவம் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய பாரிஸ், ஒரு சுற்றில் K ஏறி இறங்கும் வீச்சே வளர்ச்சி வேகத்தைத் தீர்மானிக்கிறது என்று வாதிட்டார். கோமெஸ், அண்டர்சன் ஆகியோருடன் எழுதிய கட்டுரையை மூன்று சஞ்சிகைகள் திருப்பி அனுப்பின. 1961இல் அதை வெளியிட்டது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பொறியியல் இதழ்தான். 1963இல் எர்டோகனுடன் எழுதிய கட்டுரை எதிர்ப்பாளரின் ஆயுதத்தையே பறித்தது. அதுவரை முன்வைக்கப்பட்ட போட்டி விதிகள் ஒவ்வொன்றும் தத்தம் சிறு தரவுத் தொகுதிக்கு நன்றாகவே பொருந்தின. எல்லாத் தரவுகளையும் ஒரே மடக்கைத் தாளில் வைத்தபோது அவை விலகிப்போயின. அந்தக் கட்டுரை அலுமினியத்துக்கு 4 என்ற அடுக்கை முன்வைத்தது. உருக்குக்கு ஏறத்தாழ 3 என்பது பிற்காலத்தில் நிலைத்தது.

```
da/dN = C (ΔK)^m        ΔK = Y Δσ √(π a)

m = 3 எனில்:
N = 2 / [C (Y Δσ √π)³] × (1/√a0 − 1/√ac)
```

a0 என்பது இன்று காணும் வெடிப்பின் ஆழம். ac என்பது பாகம் முறியும் ஆழம். N எஞ்சிய சுற்றுகள். பழைய பாலத்தின் இழுவிசைத் தட்டு ஒன்றின் ஓரத்தில், துரு தின்ற இடத்திலிருந்து 2 மி.மீ. வெடிப்பு கிளம்பியிருப்பதாகக் கொள்வோம். தட்டு அகலமானது, வடிவ எண் Y 1.12, தகைப்பு வீச்சு 60 மெகாபாஸ்கல், முறியும் ஆழம் 40 மி.மீ. சாதாரண கட்டமைப்பு உருக்குக்குப் பலரும் கையாளும் C, மீற்றர் – மெகாபாஸ்கல்√மீற்றர் அலகில், 6.9×10⁻¹². விடை ஏறத்தாழ 29.8 இலட்சம் சுற்று. நாளொன்றுக்கு 20 வண்டிகள், வண்டிக்கு 12 சுற்று என்று வைத்தால் 34 ஆண்டு.

இந்த 34 ஆண்டு எப்படிக் கழிகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. வெடிப்பு 2 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ. ஆவதற்கே எட்டு ஆண்டு போய்விடும். 39இலிருந்து 40ஐ எட்ட ஒன்றரை மாதம் போதும். ஆகவே முறியும் ஆழத்தை 60 மி.மீ. என்று தாராளமாக வைத்தாலும் ஆயுள் ஐந்து வீதமே கூடும். உண்மையில் அவ்வளவுகூடக் கூடாது, ஏனெனில் வெடிப்பு நீள நீள Y ஏறும். ஆனால் முதலில் இருந்தது 2 அல்ல 4 மி.மீ. என்றால் ஆயுள் 21 ஆண்டாகச் சுருங்கிவிடும். கணக்கின் உயிர்நாடி a0தான். பரிசோதகர் கண்ட வெடிப்பைவிட, அவருடைய கண்ணுக்கும் கருவிக்கும் தப்பியிருக்கக்கூடிய மிகப் பெரிய வெடிப்பையே அங்கே இட வேண்டும். தறையாணிப் பாலத்தில் இது கசப்பான விதி. வெடிப்பு துளையின் விளிம்பில் தொடங்கி, ஆணித்தலைக்கு அடியில் பல மில்லிமீற்றர் ஓடிய பிறகே வெளியே தலைகாட்டும். பூச்சின் மேல் செம்பழுப்பாகக் கசியும் துருக்கோடு பல வேளைகளில் முதல் அறிகுறி. அதைத் துடைத்துச் சாய ஊடுருவல் சோதனை செய்தால் முனை எங்கே என்று தெரியும். மூடிக்கிடக்கும் வெடிப்புக்கு, ஆணித்தலையின் விளிம்பு வரையாவது வெடித்திருக்கிறது என்று கொள்வதே முறை.

C என்ற எண்ணும் ஆளை ஏமாற்றும். பாதுகாப்பான மேல் எல்லையாகப் பிரித்தானிய நியமம் BS 7910 தரும் மதிப்பு 5.21×10⁻¹³, ஆனால் அது மில்லிமீற்றரும் நியூட்டனும் கலந்த அலகில். மேலே உள்ள அலகுக்கு மாற்றினால் 1.65×10⁻¹¹ ஆகும், 34 ஆண்டு 14 ஆண்டாகும். மாற்றாமல் அப்படியே இட்டால் 450 ஆண்டு வரும். நூறு வயது தாண்டிய பாலத்துக்கு 450 ஆண்டு என்று விடை வந்தால், பாலத்தைப் பாராட்டுவதற்கு முன் அலகைப் பார்க்க வேண்டும்.

விதி நேர்கோடாக நடப்பது நடுப்பகுதியில் மட்டுமே. ΔK ஒரு தொடக்க எல்லைக்குக் கீழே இருந்தால் வெடிப்பு நகராது. முறிவை நெருங்கினால் விதி சொல்வதைவிட வேகமாக ஓடும். 1970ஐ ஒட்டி வுல்ப் எல்பர், சுமை இறங்கும்போது வெடிப்பின் முகங்கள் முன்கூட்டியே மூடிக்கொள்வதைக் கண்டறிந்தார். ஒரு பெரிய சுமைக்குப் பின் வளர்ச்சி சற்று மந்தமாவதன் காரணம் அதிலிருந்து ஓரளவு விளங்கியது. பாலத்தில் எல்லா வண்டியும் ஒரே எடை அல்ல. அதனால் பல தகைப்பு வீச்சுகளின் மும்மடிச் சராசரியை ஒரே Δσ ஆக வைத்துக் கணக்கிடுவார்கள். சுமைகள் வந்த ஒழுங்கு அதில் தொலைந்துபோகும்.

பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தின் ஆய்வு இந்த ஒழுங்கைத்தான் பிடித்துக்கொண்டது. 1885இல் கட்டப்பட்ட, 160 மீற்றர் நீளமும் ஆறு கண்களும் கொண்ட இலங்கைப் புகையிரதப் பாலம் ஒன்றைச் சிறிவர்தனவும் திசாநாயக்கவும் ஜப்பானிய ஆய்வாளருடன் சேர்ந்து ஆராய்ந்து, 2008இல் எஞ்சிய ஆயுள் கணக்கை வெளியிட்டனர். அவர்கள் எடுத்தது பாரிஸ் விதியை அல்ல. வோலர் வழிவந்த சேதக் கூட்டல் முறையை, சுமை வரிசையையும் கணக்கில் கொள்ளும்படி திருத்தினார்கள். அந்தப் பாலத்தின் உடல் தேனிரும்பு. கசடு இழைகள் படலம் படலமாகக் கிடக்கும் அந்த உலோகத்துக்கு, உருக்கின் C-ஐயும் m-ஐயும் கண்மூடி எடுத்துப் போட முடியாது. தவிரவும், சேதக் கூட்டலுக்கு a0 வேண்டாம். வெடிப்பு இன்னும் தென்படாத பாலத்துக்கு அந்த வழி பொருந்தும். தென்பட்ட நாளிலிருந்து பாரிஸின் வழி.

தறையாணிப் பாலத்துக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. பல தட்டும் கோணமும் சேர்த்து அடித்த பாகத்தில், ஒரு தட்டை அறுத்த வெடிப்பு அடுத்த தட்டுக்குத் தாவாது. ஆனால் சுமை தாவும். அடுத்த தட்டின் தகைப்பு உயர்ந்து, அங்கே ஒரு துளையிலிருந்து புதிதாகத் தொடங்கும். பற்றவைத்துச் சீர்செய்தால் இந்த இயற்கைத் தடுப்பு போய்விடும். பழைய தேனிரும்பு பற்றவைப்பை நன்றாக ஏற்பதுமில்லை. ஆகவே வெடிப்பின் முனையைத் துல்லியமாகக் கண்டு, அது முழுவதும் அடங்கும்படி அங்கே ஒரு துளை இட்டு, மேலே தட்டு வைத்து உயர்வலிமைப் போல்ற்றால் இறுக்குவது வழக்கம். அதன் பின்னும் கணக்கிட்ட ஆயுளின் ஒரு சிறு பங்கையே அடுத்த பரிசோதனைக்கு இடைவெளியாக வைப்பார்கள். ஒரு தடவை கண்ணுக்குத் தப்பினாலும் முறிவதற்குள் இன்னுமொரு தடவை பார்க்கும் வாய்ப்பு அதில் கிடைக்கிறது.