ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் போதுமா? ஒருங்கிணைந்த கல்விக்கும் உள்ளடக்கிய கல்விக்கும் என்ன வித்தியாசம்?

பாகூர், வில்லியனூர் போன்ற கிராமப்புறக் கொம்யூன்களில், சிறப்புத் தேவை உள்ள பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டி வரும் பெற்றோரின் முதல் கேள்வி, "இவனைச் சேர்த்துப்பீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். சட்டம் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. அரசுப் பள்ளியோ, அரசு உதவி பெறும் பள்ளியோ, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியோ, குறைபாட்டைக் காரணம் காட்டி இடம் மறுக்க முடியாது.

கஷ்டமான கேள்வி அதற்குப் பிறகுதான் வருது. சேர்ந்த பிறகு யார் மாறணும்? பிள்ளையா, பள்ளியா?

ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. 'ஒருங்கிணைந்த கல்வி' என்றால், பிள்ளையை வழக்கமான பள்ளியில் சேர்ப்பார்கள். அவனுக்குத் தேவையான கருவியும் சிறப்பாசிரியரின் உதவியும் கிடைக்கும். ஆனால் பாடம் நடத்தும் முறை, கேள்வித்தாள், வகுப்பறை எல்லாம் பழையபடியே இருக்கும். அதற்கு ஏற்றபடி தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டியது பிள்ளையின் பொறுப்பு.

'உள்ளடக்கிய கல்வி' இந்தப் பொறுப்பைப் பள்ளியின் பக்கம் திருப்புகிறது. பிள்ளைக்குப் புரியவில்லை என்றால், நடத்துகிற விதத்தில் எது தடுக்குது என்று ஆசிரியர் முதலில் பார்க்கணும். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்குழு 2016-ல் வெளியிட்ட விளக்கத்திலும் இதே கோடுதான் போடப்பட்டிருக்கிறது. அமைப்பை மாற்றாமல் பிள்ளையை மட்டும் வகுப்பில் வைப்பது உள்ளடக்கம் ஆகாது என்று அது தெளிவாகச் சொல்கிறது.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'சமக்ர சிக்‌ஷா' திட்டத்தைத் தமிழில் 'ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி' என்று சொல்கிறார்கள். அங்கே 'ஒருங்கிணைந்த' என்பது மழலையர் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை ஒரே திட்டத்தின் கீழ் கொண்டு வந்ததைக் குறிக்கும். நாம் இங்கே பேசுவது வேறு.

சட்டத்தில் சொல் எப்படி மாறியது?

1974-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் பெயரே 'ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வி'. 1995-ம் ஆண்டு சட்டமும், இந்தப் பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகளில் ஒருங்கிணைக்க அரசு முயல வேண்டும் என்றுதான் சொன்னது. இடையில் 1994-ல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 நாடுகளின் அரசுகள் கூடி, பள்ளிதான் பிள்ளைக்கு ஏற்றபடி மாறணும் என்று அறிவித்தன. 2007-ல் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றது.

இதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து படிக்க வேண்டும், கற்பித்தல் முறை அவர்களின் தேவைக்கு ஏற்பத் தகவமைக்கப்பட வேண்டும் என்று அது உள்ளடக்கிய கல்விக்கு விளக்கம் தருகிறது. 'சேர்ந்து படிப்பது' முதல் பாதி. 'தகவமைப்பது' இரண்டாம் பாதி. பல பள்ளிகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன.

ஒரு வகுப்பறையில் வைத்துப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, நான்காம் வகுப்பில் படிக்கும், இரண்டு காதிலும் செவித்திறன் குறைந்த ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். முகாமில் காது கேட்கும் கருவி கொடுத்தாச்சு. முதல் பெஞ்சில் உட்கார வைத்தாச்சு. வாரத்தில் ஒருநாள் சிறப்பாசிரியர் வந்து, தனி அறைக்குக் கூட்டிப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறார். பதிவேட்டைப் பார்த்தால் எல்லாம் சரி. இது ஒருங்கிணைந்த கல்வி.

ஆனால் வகுப்பில் நடப்பது வேறு. காது கேட்கும் கருவி கண்ணாடி மாதிரி இல்லை. ஆசிரியரின் குரலைக் கூட்டும்போது ஃபேன் சத்தத்தையும், பக்கத்து வகுப்பின் கூச்சலையும் சேர்த்துத்தான் கூட்டும். ஒன்று, இரண்டு மீட்டர் தூரத்துக்குள் பேசினால்தான் அது நன்றாக உதவும். தூரம் இரட்டிப்பானால் வந்து சேரும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசினால், உதட்டசைவும் போய்விடும்.

உதட்டைப் பார்த்தாலும் முழுசாகப் புரிந்துவிடாது. கண்ணாடி முன்னால் நின்று சத்தம் வராமல் 'பாலை' என்றும் 'மாலை' என்றும் சொல்லிப் பாருங்க. ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். தமிழ் டிக்டேஷனில் அந்தச் சிறுமி 'மாலை' என்பதற்குப் 'பாலை' என்று எழுதினால், அதை எழுத்துப்பிழை என்று சுழிப்பது தவறான கணிப்பு. அவளுக்கு எழுதத் தெரியாமல் இல்லை, சொல் அவளிடம் போய்ச் சேரவில்லை.

ஆசிரியர் என்ன மாத்தணும்?

முதல் வேலை காலையில் இரண்டு நிமிடம்தான் எடுக்கும். கருவியை மாட்டியதும் ஆசிரியர் ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்கிறார். பிள்ளை திருப்பிச் சொல்லணும். 'லிங் ஒலிச் சோதனை' என்று இதற்குப் பெயர். பேச்சில் வரும் தாழ்ந்த ஒலி முதல் கூர்மையான ஒலி வரை இந்த ஆறுக்குள் வந்துவிடும். நேற்று ஆறும் சொன்னவள் இன்று எதுவும் சொல்லவில்லை என்றால், முதலில் பேட்டரியைப் பார்க்கணும். பிறகு காது அச்சில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கணும். பேட்டரி தீர்ந்த கருவியோடு வாரக்கணக்கில் பிள்ளை வகுப்பில் இருப்பது, யாரும் கவனிக்காமல் நடக்கிற விஷயம்.

இரண்டாவது, பாடம் நடத்தும் பழக்கம். எழுதி முடித்த பிறகு, வகுப்பைப் பார்த்துத் திரும்பிப் பேசணும். ஜன்னலுக்கு முன்னால் நிற்கக்கூடாது, வெளிச்சம் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். பின்பெஞ்ச் மாணவன் சொல்லும் பதிலை ஆசிரியர் ஒருமுறை திருப்பிச் சொல்லணும். இல்லாவிட்டால் வகுப்பில் நடக்கும் உரையாடலில் பாதி அவளுக்குக் கிடைக்காது. பாடத்தில் வரும் ஐந்தாறு புதுச் சொற்களை முன்கூட்டியே பலகையில் எழுதிவிட்டால், தெரிந்த சொல்லைக் காதும் கண்ணும் எளிதாகப் பிடிக்கும்.

மூன்றாவது, சோதிக்கும் முறை. டிக்டேஷனில் தனிச் சொல்லாகச் சொல்லாமல் 'பூவைக் கட்டி மாலை தொடுத்தாள்' என்று வாக்கியமாகச் சொல்லலாம். அல்லது படத்தைக் காட்டி எழுதச் சொல்லலாம். சோதிக்க வேண்டியது எழுத்தறிவை என்றால், காதைச் சோதிக்கும் முறை அதற்கு உதவாது.

இதில் எதற்கும் தனி வகுப்பு தேவையில்லை. மற்ற பிள்ளைகளுக்கும் பாடம் தெளிவாகவே போய்ச் சேரும்.

பள்ளி என்ன செய்யணும்?

ஆசிரியர் தனியாக இதைச் சுமக்க முடியாது. அந்த வகுப்பை ரோட்டோரம், சமையல் கூடம், மைதானம் பக்கமில்லாத அறைக்கு மாற்றுவது தலைமை ஆசிரியரின் முடிவு. பேட்டரி வாங்க யார் பொறுப்பு, எந்தச் செலவுக் கணக்கில் என்பதும் அவர் தீர்க்க வேண்டியது. சமக்ர சிக்‌ஷாவில் சிறப்புத் தேவை உள்ள ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை திட்ட ஒதுக்கீடு உண்டு. பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதம் உதவித்தொகையும் உண்டு.

பெரிய மாற்றம் சிறப்பாசிரியரின் வேலையில்தான். ஒருங்கிணைந்த முறையில் அவர் பிள்ளையை வெளியே கூட்டிப் போகிறார். அந்த நேரத்தில் வகுப்பில் நடந்த கணக்குப் பாடம் அவளுக்குப் போச்சு. உள்ளடக்கிய முறையில் அவர் வகுப்புக்குள் வருகிறார், வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து அடுத்த வாரப் பாடத்தைத் திட்டமிடுகிறார். இதற்குக் கால அட்டவணையில் இருவருக்கும் பொதுவாக ஒரு பீரியட் ஒதுக்கணும். அது இல்லாவிட்டால் எல்லாம் பேச்சோடு போய்விடும்.

ஆள் போதாது என்பதுதான் நிஜமான தடை. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சிறப்பாசிரியர் விகிதத்தை அறிவிக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவை மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று மத்திய அரசு 2022-ல் விகிதம் அறிவித்தது. போதிய ஆட்கள் வரும் வரை, அருகருகே உள்ள பள்ளிகள் ஒருவரைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. பணியிடங்களை அறிவிக்கும்படி மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் 2025 மார்ச்சில் மீண்டும் உத்தரவிட்டது.

தேர்வில் என்ன சலுகை?

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் இயங்குகின்றன. சான்றிதழ் உள்ள மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் 3 மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பத்தாம் வகுப்பில் இரண்டுக்குப் பதில் ஒரே மொழியைப் படிக்கவும் வழியுண்டு. ஆனால் இதைப் பத்தாம் வகுப்பில் வந்து தேடினால் தாமதம். கூடுதல் நேரத்தைப் பயன்படுத்துவதும் ஒரு பழக்கம், பள்ளித் தேர்வுகளிலேயே அதைத் தொடங்கணும்.

சலுகைக்குத்தான் சான்றிதழ் வேணும். வகுப்பைப் பார்த்துத் திரும்பிப் பேசுவதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம். சான்றிதழுக்கான அளவை எட்டாத, லேசான செவித்திறன் குறைவு உள்ள பிள்ளைகள் அதிகம் விடுபடுவது இங்கதான்.

பேருக்கு மட்டும் நடக்குதா, எப்படித் தெரிஞ்சுக்கறது?

நோட்டைப் பாருங்க. எழுத்து அழகாக, பக்கம் பக்கமாக இருக்கும். அதிலேயே ஒரு வரியைக் காட்டி, என்ன அர்த்தம் என்று கேளுங்க. சொல்லத் தெரியவில்லை என்றால், பிள்ளை பலகையைப் பார்த்து வரைந்திருக்கிறாள், படிக்கவில்லை. இன்னொரு அடையாளம், ஆசிரியர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது, மற்றவர்கள் எழுந்த பிறகு பார்த்து எழுவது. அமைதியான பிள்ளை என்று பாராட்டப்படுபவள் பல நேரம் கேட்காத பிள்ளையாக இருப்பாள்.

அப்போ சிறப்புப் பள்ளி வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அதை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ பெறலாம் என்று சட்டமே சொல்கிறது. கருவி போட்டும் பேச்சு கேட்காத பிள்ளைக்குச் சைகை மொழிதான் முதல் மொழி. அது தெரிந்த ஆசிரியரோ, பேசிப் பழக இன்னொரு பிள்ளையோ இல்லாத வகுப்பில் அவளை வைத்தால், கூட்டத்துக்குள் தனிமைதான் கிடைக்கும். பார்வை, செவித்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பிள்ளைச்சாவடியில் ஆனந்தரங்கப்பிள்ளை அரசு சிறப்புப் பள்ளி இருக்கிறது. பாகூரிலிருந்து போனால் நகரத்தைத் தாண்டி வடக்கே போகணும். அந்தத் தூரத்தையும் சேர்த்துத்தான் குடும்பம் முடிவெடுக்க முடியும்.

உள்ளூர்ப் பள்ளியையே தேர்ந்தெடுத்தால், தலைமை ஆசிரியரிடம் மூணு விஷயம் கேட்கலாம். சிறப்பாசிரியர் எந்தக் கிழமை வருவார்? வகுப்புக்குள் உட்காருவாரா, வெளியே கூட்டிப் போவாரா? இந்த ஆண்டு என் பிள்ளைக்காகப் பாடம் நடத்தும் முறையில் எதை மாற்றப் போறீங்க? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வந்தால், அந்தப் பள்ளி உள்ளடக்கிய கல்வியைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.