ஆசிரியர் வரியும் நன்றி வரியும்

மாங்குளத்துக்கு வடக்கே அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம். தெற்கே பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம். அங்கிருந்து ஒரு விவசாய ஆய்வாளரும் இங்கிருந்து ஒரு கணிதரும் சேர்ந்து கட்டுரை எழுதினால், யார் பெயர் முதலில் என்பதிலேயே மனக்கசப்பு தொடங்கிவிடலாம். கணிதத்தில் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் நிற்கும்; ஆய்வுகூடத் துறைகளில் கூடுதலாக உழைத்தவர் முதலிலும் குழுவை நடத்தியவர் கடைசியிலும் நிற்பது இன்றைய வழக்கம்.

இரண்டு பழைய கட்டுரைகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். 1918இல் ஹார்டியும் இராமானுஜனும் எண்பிரிவினை பற்றி எழுதினார்கள். 1928இல் இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் ஒளிச்சிதறல் பற்றி 'நேச்சர்' இதழுக்கு எழுதினார்கள். முன்னதில் ஆங்கில அகரவரிசையும் மூப்பும் ஒரே விடையைத் தந்தன. ஆகவே ஹார்டி முன்னால் நிற்பதை வைத்து யாராலும் எதையும் ஊகிக்க முடியாது. பின்னதில் அகரவரிசைப்படி கிருஷ்ணனே முதலில் வரவேண்டும். வந்தவர் குருவான இராமன்.

ஆனாலும் கிருஷ்ணனுக்குரிய பங்கு பற்றிப் பின்னாளில் எழுந்த வாதத்துக்கு இந்த வரிசை பெரிய காரணமல்ல என்றே நினைக்கிறேன். பெப்ரவரி 16 தேதியிட்ட முதற் கடிதத்தில் இருவர் பெயரும் இருந்தன. மார்ச் 8 தேதியிட்ட அடுத்த கடிதத்தில் இராமன் பெயர் மட்டும். மார்ச் 16 பெங்களூர் உரையும் இராமன் பெயரிலேயே அச்சேறியது. கிருஷ்ணன் அதில் நன்றி வரிக்கு இறங்கினார். 1930இன் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும். ஹார்டி–இராமானுஜன் சூத்திரம் இன்றும் இரு பெயர்களையும் சுமக்கிறது. இராமன் விளைவோ ஒன்றை மட்டும்.

வேறுபட்ட இவ்விரண்டும் எதிர்பாராமல் ஒன்றுபடும் இடம், ஆசிரியர் வரிக்கு வெளியே நின்ற மூன்றாமவர். 200இன் பிரிவினைகள் 3,972,999,029,388 என்று கையாற் கணக்கிட்டவர் மேஜர் மக்மஹோன். சூத்திரம் தந்த விடையை உரசிப் பார்க்க அந்த எண்ணே உதவியது. கல்கத்தாவில், தூய கிளிசரீனில் சிதறிய சூரிய ஒளி நீலமாக அன்றிப் பச்சையாகத் தெரிவதைக் கண்டவர் இராமனுடன் ஆய்வு செய்த வெங்கடேஸ்வரன். ஒருவர் சான்று கொடுத்தார், மற்றவர் துப்புக் கொடுத்தார்; ஆசிரியர் வரியில் இருவருமே இல்லை.

இன்று மருத்துவ இதழ்கள் பின்பற்றும் விதி, கருவிலோ தரவிலோ கணிசமான பங்கு இருந்தால் மட்டும் போதாது என்கிறது: எழுத்திலோ திருத்தத்திலோ பங்கெடுத்து, இறுதி வடிவத்தை ஏற்று, அதற்குப் பொறுப்பும் ஏற்கவேண்டும். கூடவே, முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு எழுத்தில் பங்கெடுக்கும் வாய்ப்பை மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் இந்த விதியை அன்றைக்குப் பொருத்திப் பார்த்தாலும், வரைவு வெங்கடேஸ்வரன் கைக்கு வராதவரை அவர் ஆசிரியராகவே முடியாது. வரைவு யார் கையில் என்பதோ ஆய்வுகூடத்தை நடத்துபவர் தீர்மானிப்பது. மக்மஹோனுக்கு இதனால் நட்டமில்லை, அவர் ஏற்கெனவே பெயர்பெற்ற கணிதர். வெங்கடேஸ்வரனோ பகலில் அரசுச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில் ஆய்வுக்கு வந்தவர்.