வரம்புக்குள் ஒளியும் பில்கள்

உயரதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காக ஒரே தேவையைச் சிறு சிறு கொள்முதல்களாகப் பிரிக்கக் கூடாது என்கிறது, மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன் 157-ஆவது விதி. ஆனால், பில்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால் இந்த மீறல் கண்ணில் படாது. தனித்தனியே அவை ஒழுங்காகவே இருக்கும்.

நான் தணிக்கை செய்த ஒரு நிறுவனத்தில் மேலாளரின் ஒப்புதல் வரம்பு ரூ.50,000. பில்களைக் கடைவாரியாகவும் தேதிவாரியாகவும் அடுக்கியபோது, ஒரே மரச்சாமான் கடையிலிருந்து நான்கு நாள்களில் மூன்று பில்கள் வந்திருந்தது தெரிந்தது. ஒவ்வொன்றிலும் 10 நாற்காலிகள், ரூ.49,200. கூட்டினால் ரூ.1,47,600. பில் எண்களோ 412, 413, 414. நான்கு நாள்களாக அந்தக் கடைக்கு வேறு வாடிக்கையாளரே இல்லை போலும்!

இவ்வளவும் ஐயம் மட்டுமே. மாத வாடகை, பராமரிப்புக் கட்டணம் போன்றவையும் நியாயமாகவே வரம்பையொட்டி மீண்டும் மீண்டும் வரக்கூடும். எனவே, கோரிக்கைக் கடிதத்தையும் வாயிற்காவலர் பதிவேட்டையும் பார்த்தேன். 30 நாற்காலிகளுக்கும் கடிதம் ஒன்றுதான். அவை வந்து இறங்கியதும் ஒரே நாளில், ஒரே வண்டியில்.

இரு கடைகளின் பெயரில் பில் வாங்கியிருந்தால் கடைவாரியாக அடுக்குவது பயன் தராது. அப்போது, பணம் சென்று சேர்ந்த வங்கிக் கணக்கு எண்களைத்தான் ஒப்பிட வேண்டும்.