டியூஷன் சென்டர் வாங்கும்முன் சரிபார்ப்பு

நடந்துகொண்டிருக்கும் சிறிய டியூஷன் சென்டரை விலைக்கு வாங்குபவர், முன்பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய ஆய்வு. இது நான்கு பகுதிகளைக் கொண்டது.

மாணவர்கள்: பெயர்ப்பட்டியலை நம்பாமல், கடைசி மூன்று மாத ரசீதுகளை வங்கி, யுபிஐ வரவுகளோடு ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, பட்டியலில் 120 பேர் இருந்தும் கட்டணம் கட்டியவர்கள் 84 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 30 பேர் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினர் என்றால் பொதுத்தேர்வோடு போய்விடுவார்கள். விலை பேச அடிப்படையாவது மீதி 54 பேர்தான். ஆண்டுக் கட்டணத்தை விற்பவர் முன்கூட்டியே வாங்கியிருந்தால், இனி நடத்த வேண்டிய மாதங்களுக்கான தொகையை விலையில் கழிக்க வேண்டும்.

ஆசிரியர்கள்: மாணவர்கள் பெரும்பாலும் ஆசிரியரை நம்பியே வருகிறார்கள். ஒவ்வோர் ஆசிரியரும் தொடர்வாரா, சம்பள பாக்கி உண்டா என்பதை அவரிடமே நேரில் கேட்க வேண்டும். விற்பவரே முக்கிய ஆசிரியர் என்றால், எத்தனை மாதம் உடனிருந்து பாடம் எடுப்பார் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

வாடகை: ஒப்பந்தம் விற்பவர் பெயரில் இருப்பதால் அது தானாக வாங்குபவருக்கு மாறிவிடாது. கட்டட உரிமையாளரிடம் புதிய ஒப்பந்தம் போட்டு, அட்வான்ஸ் தொகை யாருக்குச் சேரும் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

நிலுவைகள்: ஜிஎஸ்டி பதிவு பெற்ற தொழிலை வாங்கினால், விற்கும் நாள் வரையிலான வரி பாக்கிக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆம் பிரிவின்படி வாங்குபவரும் பொறுப்பாவார். எனவே விலையில் ஒரு பகுதியை வரிக் கணக்கு முடியும்வரை நிறுத்திவைப்பது பாதுகாப்பு.