பொருளடக்கம்: டேப் நிறுத்தங்களால் அமைக்கும் முறை

நூலின் பொருளடக்கத்தில் இயல் தலைப்புகள் இடப்பக்கத்திலும், அவற்றுக்குரிய பக்க எண்கள் வலப்பக்க ஓரத்தில் ஒரே நேர்கோட்டிலும் நிற்க, இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியைப் புள்ளிகள் நிரப்பும் அமைப்பு, கணினி அச்சுக்கோப்பில் டேப் நிறுத்தம் என்னும் பத்தி வடிவமைப்புக் கூறினால் உருவாக்கப்படுகிறது. டேப் நிறுத்தம் என்பது, டேப் விசையை அழுத்தினால் அடுத்து வரும் எழுத்து எந்த இடத்தில் போய் நிற்க வேண்டும் என்று பத்திக்கு முன்கூட்டியே குறித்து வைக்கப்படும் இடமாகும். அந்த இடம் வரையுள்ள வெளியை நிரப்பும் புள்ளிகளின் தொடர் லீடர் எனப்படுகிறது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் புள்ளிகள் வார்க்கப்பட்ட தனித் துண்டுகளை அடுக்கி இவ்வெளி நிரப்பப்பட்டது. சொற்செயலி மென்பொருள்களில் அப்பணியை டேப் குறி ஒன்றே செய்கிறது.

செயல்படும் விதம்

மைக்ரோசாஃப்ட் வேர்டு மென்பொருளில் டேப் நிறுத்தங்கள் இடம், வலம், நடு, பதின்மப் புள்ளி, செங்குத்துக் கோடு என ஐந்து வகைப்படும். பயனர் எதையும் குறிக்காதபோது 1.27 செ.மீ., அதாவது அரை அங்குல இடைவெளியில் இடவகை நிறுத்தங்கள் இயல்பாகவே அமைந்திருக்கும். பயனர் ஒரு நிறுத்தத்தைக் குறித்தவுடன் அதற்கு இடப்புறமுள்ள இயல்பு நிறுத்தங்கள் அந்தப் பத்தியில் செயலிழக்கின்றன. ஒரே ஒரு டேப் குறியால் பக்க எண்ணை வரியின் கடைசிக்குக் கொண்டுபோக முடிவது இதனால்தான்.

இடவகை நிறுத்தத்தில் எழுத்து அவ்விடத்தில் தொடங்கி வலப்புறமாக நீளும். வலவகை நிறுத்தத்தில் எழுத்தின் முடிவு அவ்விடத்தில் நிற்க, தட்டச்சு செய்யச் செய்ய எழுத்துகள் இடப்புறமாகப் பின்வாங்கும். 7, 48, 163 என இலக்க எண்ணிக்கை வேறுபடும் பக்க எண்களில் ஒன்றாம் இலக்கங்கள் நேர்க்கோட்டில் அமைவதற்கு வலவகை நிறுத்தமே தேவை. இடவகை நிறுத்தத்தை இட்டால் முதல் இலக்கங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்று, வலப்புற ஓரம் ஒழுங்கற்றுப் போகும்.

புள்ளிகள் நிரப்பும் வெளியின் நீளம், நிறுத்தத்தின் இடத்திலிருந்து தலைப்பின் அகலத்தையும் பக்க எண்ணின் அகலத்தையும் கழித்தால் கிடைப்பதாகும். நிறுத்தம் 10 செ.மீ.யில் இருக்க, தலைப்பு 6.2 செ.மீ.யும் எண் 0.6 செ.மீ.யும் கொண்டிருந்தால் புள்ளிகளுக்கு 3.2 செ.மீ. எஞ்சும். தலைப்பைத் திருத்தினாலும் எண் மாறினாலும் மென்பொருள் இந்த வெளியைத் தானே மறுபடி கணக்கிடுகிறது. முற்றுப்புள்ளிகளைக் கையால் தட்டி நிரப்பிய வரியில் இது நடவாது. எழுத்துக்கு எழுத்து அகலம் வேறுபடும் எழுத்துருக்களில் எத்தனை புள்ளிகள் இட்டாலும் எண்கள் ஓரிரு மில்லிமீட்டர் முன்பின்னாகவே நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

14 செ.மீ. அகலமுள்ள டெம்மி அளவு நூலில் உட்புற ஓரம் 2.2 செ.மீ., வெளிப்புற ஓரம் 1.8 செ.மீ. எனக் கொண்டால், எழுத்துக்குரிய அகலம் 10 செ.மீ. ஆகும். டேப் நிறுத்தத்தின் இடம் தாளின் விளிம்பிலிருந்து அளக்கப்படாமல் இடப்பக்க ஓரத்திலிருந்து அளக்கப்படுவதால், பக்க எண்ணுக்குரிய நிறுத்தம் 10 செ.மீ.யில் அமைய வேண்டும். இயல்களுக்கு வரிசை எண்ணும் இருந்தால் ஒரு வரியில் இரண்டு டேப் குறிகள் இடம்பெறும்: வரிசை எண், டேப், தலைப்பு, டேப், பக்க எண் என்பது வரியின் அமைப்பு. முதல் டேப் குறிக்கு 1 செ.மீ.யில் புள்ளிகளற்ற இடவகை நிறுத்தமும், இரண்டாவதற்கு 10 செ.மீ.யில் புள்ளிகளுடன் கூடிய வலவகை நிறுத்தமும் தேவைப்படுகின்றன.

இவற்றைக் குறிக்கப் பொருளடக்க வரிகள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, Home பட்டையின் Paragraph உரையாடல் பெட்டியைத் திறந்து, அதன் கீழ்ப்பகுதியிலுள்ள Tabs பொத்தானை அழுத்த வேண்டும். பழைய நிறுத்தங்கள் இருப்பின் Clear All கொண்டு அவற்றை நீக்கிவிட்டு, Tab stop position கட்டத்தில் 1 cm என்று எழுதி, Alignment பகுதியில் Left, Leader பகுதியில் None எனத் தெரிந்து Set பொத்தானை அழுத்திய பின், அதே முறையில் 10 cm, Right, புள்ளிகளைக் காட்டும் இரண்டாம் லீடர் ஆகியவற்றைத் தெரிந்து மீண்டும் Set அழுத்த வேண்டும். Set அழுத்தாமல் அடுத்த அளவை எழுதினால் முந்தைய அளவு பதிவாகாது. சேமிக்கப்பட்ட கோப்பின் உள்ளே இவ்வமைப்பு பின்வருமாறு பதிவாகிறது:

```xml
<w:tabs>
  <w:tab w:val="left" w:pos="567"/>
  <w:tab w:val="right" w:leader="dot" w:pos="5669"/>
</w:tabs>
```

இதில் இடங்கள் டுவிப் என்னும் அலகில் தரப்பட்டுள்ளன. ஓர் அங்குலம் 1440 டுவிப் ஆகையால் 1 செ.மீ. 567 எனவும், 10 செ.மீ. 5669 எனவும் ஆகின்றன.

நீண்ட தலைப்பு இரண்டாம் வரிக்கு மடிந்தால், அவ்வரி வரிசை எண்ணுக்குக் கீழே தொடங்காமல் தலைப்பின் தொடக்கத்துக்கு நேராக அமைய வேண்டும். இதற்கு Paragraph பெட்டியின் Special பகுதியில் Hanging எனத் தெரிந்து 1 cm என்று குறிக்கப்படுகிறது. தலைப்பு இரண்டாம் வரியில் முடிந்தால் பக்க எண்ணும் புள்ளிகளும் அந்த இரண்டாம் வரியிலேயே அமையும். ஆனால் தலைப்பு இடப்பக்க ஓரத்திலிருந்து 9.6 செ.மீ. வரை நீண்டு முதல் வரியிலேயே முடியுமானால் எஞ்சிய 0.4 செ.மீ.யில் புள்ளிகளுக்கும் மூன்றிலக்க எண்ணுக்கும் இடம் போதாது. எண் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும், அல்லது தனியே அடுத்த வரிக்கு நழுவும். அத்தகைய தலைப்பைப் பொருள் பிரியும் இடத்தில் Shift+Enter கொண்டு மடிப்பது வழக்கம். பத்தி இருபுறமும் சீராக்கப்பட்டிருந்தால் இவ்வாறு மடிக்கப்பட்ட வரியின் சொற்கள் அகல இழுபடக்கூடும். ஆதலால் பொருளடக்கப் பத்திகளுக்கு இடப்பக்கச் சீரமைப்பே ஏற்றது.

தானியங்கிப் பொருளடக்கத்தில்

நூலின் தலைப்புகளுக்கு Heading 1, Heading 2 ஆகிய பாணிகள் அளிக்கப்பட்டிருந்தால், வேர்டு மென்பொருள் அவற்றைத் திரட்டித் தானே பொருளடக்கத்தை உருவாக்கும். அதன் வரிகள் TOC 1, TOC 2 எனப் படிநிலைக்கு ஒன்றாக அமைந்த பத்திப் பாணிகளில் வெளிப்படுகின்றன. அப்பாணிகளில் டேப் நிறுத்தம் குறிக்கப்படாவிட்டால், மென்பொருள் எழுத்தின் அகலத்தைக் கொண்டு வலப்புற நிறுத்தம் ஒன்றைத் தானே இட்டுக்கொள்கிறது.

இங்கே அடிக்கடி நேரும் ஏமாற்றம், வரிகளில் நேரடியாகச் செய்த திருத்தங்கள் மறைந்துபோவதாகும். F9 விசையால் பொருளடக்கத்தைப் புதுப்பிக்கும்போது Update entire table என்பதைத் தெரிந்தால் வரிகள் அனைத்தும் புதிதாக உருவாக்கப்படுகின்றன. பாணியில் உள்ளவை மட்டுமே எஞ்சும். ஆகவே நிறுத்தங்கள் வரிகளில் அல்லாமல் TOC 1 பாணியிலேயே குறிக்கப்பட வேண்டும்: பாணியின் பெயர்மீது வலச்சொடுக்கு செய்து Modify, பின் Format, பின் Tabs என்ற வழியே மேற்கூறிய அதே பெட்டியை அடையலாம். துணைத் தலைப்புகளுக்குரிய TOC 2 பாணியில் இடப்புற ஒதுக்கம் மட்டும் மாறும். வலப்புற நிறுத்தம் அதே 10 செ.மீ.யில்தான் இருக்க வேண்டும். வேர்டு மென்பொருளில் நிறுத்தத்தின் இடம் பத்தியின் ஒதுக்கத்திலிருந்து அளக்கப்படுவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

பிழைகளும் அவற்றின் அடையாளங்களும்

பெரும்பாலான பிழைகள், மறைந்திருக்கும் குறிகளை Ctrl+Shift+8 விசைகளால் திரையில் வெளிப்படுத்தினால் விளங்கிவிடும். டேப் குறி அப்போது வலம் நோக்கிய அம்பாகத் தெரியும். ஒரு வரியில் பக்க எண்ணுக்கு முன் இரண்டு அம்புகள் அடுத்தடுத்து இருந்தால், இரண்டாவது அம்பு நிறுத்தத்தைக் கடந்து எண்ணை அடுத்த வரிக்குத் தள்ளியிருக்கும். வரிசை எண்ணை அடுத்துப் புள்ளிகள் ஓடி, தலைப்பு வலப்புற ஓரத்தில் போய் நின்றால், 1 செ.மீ. நிறுத்தமோ அதே அளவு தொங்கு ஒதுக்கமோ அவ்வரியில் இல்லை என்று பொருள். முதல் டேப் குறி நேரே வலவகை நிறுத்தத்தைப் பிடித்துக்கொண்டுள்ளது.

பக்க எண்கள் நேர்க்கோட்டில் இருந்தும் ஓரத்துக்கு முன்பே நின்றுவிட்டால், தாள் அளவோ ஓரங்களோ பின்னர் மாற்றப்பட்டிருக்கும். டெம்மி அளவுக்கு அமைத்த கோப்பை ஏ4 தாளுக்கு மாற்றும்போது எழுத்தின் அகலம் கூடினாலும், பயனர் குறித்த நிறுத்தம் 10 செ.மீ.யிலேயே இருக்கும். புள்ளிகள் சில வரிகளில் மட்டும் தடித்துத் தோன்றினால் காரணம் வேறு: லீடர் புள்ளிகள் டேப் குறியின் எழுத்துருவையும் அளவையும் தடிமனையும் ஏற்பவை. தலைப்பைத் தடித்த எழுத்தாக்கும்போது டேப் குறியும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் புள்ளிகளும் தடிக்கும். அந்த அம்பை மட்டும் தேர்ந்து தடிமனை நீக்கினால் அவை இயல்பாகும்.

பிற மென்பொருள்களில்

லிப்ரெஆஃபிஸ் ரைட்டரில் பொருளடக்க உரையாடல் பெட்டியின் Entries பகுதியில் வரியின் அமைப்பு சிறு பொத்தான்களின் வரிசையாகக் காட்டப்படுகிறது. அதில் T என்னும் பொத்தான் டேப் குறியைச் சுட்டும். அதைச் சொடுக்கினால் Fill character என்ற கட்டத்தில் புள்ளியைத் தெரிவு செய்யலாம். Align right என்பதைத் தேர்ந்தால் இடத்தை அளந்து குறிக்க வேண்டியதில்லை. அடோபி இன்டிசைனின் Tabs பலகத்தில் லீடருக்கு எட்டு எழுத்துகள் வரை இடலாம்; முற்றுப்புள்ளியோடு ஓர் இடைவெளியைச் சேர்த்து இட்டால் புள்ளிகள் நெருக்கமின்றி அமையும். லாடெக் மொழி டேப் நிறுத்தங்களைப் பயன்படுத்தாமல், பக்க எண்ணுக்கெனத் தனி அகலத்தை ஒதுக்கி, தலைப்பு அதற்கு முன்னரே மடியுமாறு செய்வதால், நீண்ட தலைப்பு எண்ணோடு மோதும் சிக்கல் அங்கே எழுவதில்லை.

வரம்புகள்

தலைப்புகள் குறுகியனவாகவும் வரி அகலமானதாகவும் இருக்கும்போதே புள்ளித் தொடர் கண்ணை உரிய எண்ணுக்கு இட்டுச் செல்லும் பணியைச் செய்கிறது. தலைப்புகள் வரியின் பெரும்பகுதியை நிரப்பும் நூலில் எஞ்சும் மூன்று நான்கு புள்ளிகள் வழிகாட்டுவதில்லை. விடுபட்ட சொற்களைக் குறிக்கும் புள்ளிகள்போலவும் அவை தோன்றக்கூடும். ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் போன்ற அச்சுக்கலை ஆசிரியர்கள் புள்ளித் தொடரையே விரும்பாமல், பக்க எண்ணைத் தலைப்பின் அருகிலேயே அமைப்பதை ஏற்கின்றனர். அவ்வாறு அமைக்க, மேற்கூறிய எடுத்துக்காட்டில் லீடரை None என மாற்றிவிட்டு வலவகை நிறுத்தத்தை 10 செ.மீ.யிலிருந்து மிக நீண்ட தலைப்பு முடியும் இடத்துக்குச் சற்று அப்பால் நகர்த்தினால் போதும். வரிகளையோ டேப் குறிகளையோ மாற்ற வேண்டியதில்லை.