இரண்டு கோன், இரண்டு வரி

30ஸ் – பாலியஸ்டர் ஸ்பன் – 1.4 டெனியர் × 38 மி.மீ.

150/48 – எஸ்.டி. – எஃப்.டி.ஒய். – பாலியஸ்டர்

நூல் கோன்களின் ஸ்டிக்கரில் இந்த மாதிரிதான் அச்சடித்திருப்பார்கள். இரண்டும் ஒரே பாலியஸ்டர். பருமனிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் முதல் நூலில் பின்னிய பனியன் துணி பருத்தியைப் போலத் தொடுவதற்கு மெத்தென்றிருக்கும். இரண்டாவதில் நெய்த துணி கையில் நிற்காமல் வழுக்கும். ஏன் என்பதற்கு விடை இந்த இரண்டு வரியிலேயே இருக்கிறது.

"30ஸ்": இது கவுண்ட். 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்ற கணக்கு. எண் கூடக்கூட நூல் மெலியும். டெனியர் கணக்கு இதற்கு நேரெதிர்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது அது, எண் கூடினால் நூல் தடிக்கும். 30ஸ் நூலை டெனியரில் சொன்னால் சுமார் 177.

"1.4 டெனியர் × 38 மி.மீ.": மொத்த விஷயமும் இங்கேதான். உருகிய பாலியஸ்டரை நுண்துளைகள் வழியே இழையாக இழுத்து, அதில் சுருள் ஏற்றி, 38 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டிவிடுகிறார்கள். பஞ்சின் நீளத்துக்குச் சற்றுக் கூடுதல். பஞ்சு நூற்கும் மில் இயந்திரங்களிலேயே இதையும் நூற்கலாம். அத்தனை நீளமாக இழுத்ததை எதற்கு வெட்ட வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 177-ஐ 1.4-ஆல் வகுத்தால், நூலை எந்த இடத்தில் குறுக்கே வெட்டினாலும் சுமார் 126 இழைகள் தெரியும். ஒவ்வொன்றும் 38 மி.மீ.தான் என்பதால் ஒரு மீட்டர் நூலுக்குள் ஏறத்தாழ 3,300 துண்டுகள் இருக்கின்றன. துண்டுக்கு இரண்டு முனை. ஆக, மீட்டருக்கு 6,600 முனைகள்.

"ஸ்பன்": துண்டுகளைச் சேர்த்துப் பிடிப்பது முறுக்கு மட்டுமே. முறுக்கு எல்லா முனைகளையும் உள்ளே அடக்கிவிடாது. ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வெளிச்சத்துக்கு நேரே நூலைப் பிடித்தால் மேலெல்லாம் ரோமம் படர்ந்திருப்பது தெரியும். விரல் முதலில் தொடுவது இந்த ரோமத்தைத்தான், நூலை அல்ல. தோலுக்கும் துணிக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் நின்றுவிடுகிறது. தொடும் புள்ளிகள் குறைவு. அதனால் மெத்தென்றும் கதகதப்பாகவும் இருக்கிறது. ஒளியும் பல திசையில் சிதறுவதால் பளபளப்பு மங்குகிறது. பருத்தித் துணியில் நடப்பதும் அதேதான்.

"150/48": 150 டெனியர் நூலுக்குள் 48 இழைகள். எந்த இழையும் நடுவில் முடிவதில்லை. மூன்று கிலோ கோனில் 180 கிலோமீட்டர் நூல் இருக்கும். தொடங்கிய இழை தறிக்குப் போகும்வரை தொடர்ந்து ஓடும்.

"எஃப்.டி.ஒய்.": முழுக்க இழுத்து முடித்த ஃபிலமென்ட் என்பதன் சுருக்கம். இதில் சுருள் கிடையாது. முறுக்கும் இல்லையென்றே சொல்லலாம். எண்ணெய் தடவிச் சீவிய தலைமுடி மாதிரி இழைகள் பக்கத்தில் பக்கமாகப் படிந்து கிடக்கும். விரலைத் தடுக்க முனை இல்லை. தோல் வழவழப்பான இழைகளின் மேல் நேராகப் படிந்து, சூட்டைச் சட்டென்று இழக்கிறது. நாம் 'வழுக்குது, ஜில்லுனு இருக்கு' என்று சொல்வது இதைத்தான். "எஸ்.டி." என்பது பளபளப்பைக் குறைக்கச் சிறிதளவு டைட்டானியம் டை ஆக்சைடு சேர்த்ததற்கான குறி. பளபளப்பு குறையுமே தவிர வழுக்கல் போகாது. அதைப் போக்க வேண்டுமானால் இழையின் வடிவத்தை மாற்ற வேண்டும். இழையை முறுக்கி, சூடேற்றிச் சுருளைப் பதியவைத்து, மறுபடி முறுக்கைப் பிரிப்பது ஒரு வழி. டி.டி.ஒய். என்று ஸ்டிக்கரில் வருவது அந்த நூல். அதில் உப்பல் இருக்கும், ரோமம் இருக்காது. தொடுவதற்கு இரண்டுக்கும் நடுவில்.

"பாலியஸ்டர்": கையில் படும் குணத்துக்கு இந்தச் சொல்லை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பட்டே சாட்சி. கூட்டிலிருந்து முழு நீளத்துக்கு இழுத்த பட்டு வழுக்கும். கழிவுப் பட்டைத் துண்டாக்கி நூற்றால் பருத்திச் சாயலில் மங்கலாக வரும்.

ரோமத்துக்கு விலையும் உண்டு. உராய்வில் முனைகள் சுருண்டு உருண்டையாகும். பருத்தியில் அந்த உருண்டை விரைவில் அறுந்து உதிரும். பாலியஸ்டர் இழை வலுவானது என்பதால் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபிலமென்ட் துணியில் உருண்டை குறைவு, ஆனால் கூரான பொருளில் மாட்டினால் இழை நீளமாக வெளியே வந்துவிடும்.

கையிலிருக்கும் துணி எந்த வகை என்று தெரியவில்லையா? ஓர் இழை நூலை உருவி, முறுக்குக்கு எதிராகத் திருப்பியபடி மெல்ல இழுங்கள். ஸ்பன் நூல் அறுபடாமலே நழுவிப் பிரியும். ஃபிலமென்ட் பிரியாது, அறுக்கத்தான் வேண்டும்.

ஸ்பன் பாலியஸ்டர் தொடுவதில் மட்டுமே பருத்தி. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான், துண்டாக வெட்டினாலும் அது மாறாது. வெயில் காலத்துக்குச் சட்டை எடுப்பவர்கள் கையால் தடவிப் பார்த்து முடிவு செய்யாமல், காலர் லேபிளில் பருத்தி எத்தனை சதவீதம் என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.