சட்டாம்பிள்ளையும் எழும்பூர் மணற்பலகையும்

1789இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைச் சிறுவர் காப்பகத்தின் கண்காணிப்பாளரானார் ஆண்ட்ரூ பெல். சிறுவர்கள் ஏறத்தாழ 200 பேராகப் பெருகினர்; ஆசிரியர்களோ மிகச் சிலர். ஒருநாள் காலை குதிரையில் செல்கையில், 'மலபார்' பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையிலமர்ந்து மணலில் விரலால் எழுதுவதை அவர் கண்டார். (அக்காலச் சென்னை ஆங்கிலேயர் தமிழரையும் 'மலபார்' என்றே அழைத்தனர்.) உடனே காப்பகத்தில் பலகை மீது மணல் பரப்பிக் கற்பிக்கச் சொன்னார். கடைநிலை வகுப்பின் ஆசிரியர் இயலாதென்று கைவிரித்தார். பெல் அப்பணியை ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான்.

இதிலிருந்து வளர்ந்த ஏற்பாட்டின் உயிர், சட்டாம்பிள்ளையைக் காட்டிலும் இணையில் இருந்தது எனலாம். 24 பேர் கொண்ட வகுப்பில் தேர்ந்த 12 பேர் மற்றப் 12 பேருக்குப் பயிற்றுநர்; ஒவ்வொருவன் பக்கத்திலும் அவனுடைய மாணவன். பாடம் மிகச் சிறியது. பிழையின்றி வரும்வரை அடுத்தது கிடையாது. பின்னர் வகுப்பு முழுவதும் கூடி ஒப்பிக்கும். மாணவன் கற்றானா என்பதற்குப் பயிற்றுநனே பொறுப்பு. சரியாகச் சொன்னவன் வரிசையில் மேலேறுவான், தவறியவன் இறங்குவான்.

60 பேர் உள்ள அறையில் இக்கணக்கைப் பொருத்திப் பார்க்கலாம். ஆசிரியர் ஒருவரே ஆளுக்கு ஒரு நிமிடம் பாடம் கேட்டால் ஒரு மணிநேரம் கழியும். அதில் ஒவ்வொரு பிள்ளையும் 59 நிமிடம் சும்மா இருக்கும். 30 இணைகளாக அமர்ந்தால் சில நிமிடங்களில் அனைவரும் வாய்திறந்திருப்பர். ஆனால், வல்லவனே விடையையும் சொல்லிவிட மற்றவன் தலையசைப்பது இம்முறையின் இயல்பான நோய். இணைகளின் இரைச்சலைக் கொண்டு அதைக் கண்டறிய இயலாது. மெலிந்தவனைத் தனியே எழுப்பிக் கேட்டால்தான் தெரியும். பெல்லின் பொது ஒப்பித்தல் அவ்வேலையைச் செய்தது.

லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் நூற்றுக்கணக்கானோரை ஒரே கூடத்தில் அமர்த்தி, ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒரு சட்டாம்பிள்ளை என வைத்தபோது செலவு குறைந்தது. இணையின் நெருக்கமும் குறைந்தது. தனக்குச் சொல்லப்பட்டதை மட்டும் அறிந்த சிறுவனால் விடை தவறென்று சொல்ல முடியும்; ஏன் தவறென்று விளக்குவது அரிது. எழுத்துக்கூட்டலுக்கும் வாய்ப்பாட்டிற்கும் அது போதுமானதாயிற்று. பொருளுணர்ந்து படிப்பதற்குப் போதவில்லை. 1846க்குப் பின் இங்கிலாந்து, ஊதியமும் பயிற்சியும் பெறும் மாணவ ஆசிரியர் முறைக்கு மெல்ல மாறியது.

பெல்லின் அறிக்கை 1797இல் லண்டனில் அச்சேறியது. மணலை எங்கே கண்டார் என்பதை அவர் ஒளிக்கவில்லை. ஆனால் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் கொள்கையைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பாகவே உரைத்தார். மூத்த மாணவன் இளையோருக்குப் பாடம் கேட்கும் வழக்கமும், அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்ற பெயரும் திண்ணைப் பள்ளிகளில் இருந்தவை.